திரும்ப முடியாத கட்டம்: கதை கேம்களில் எது தவறும், எது தவறாது

கதையை மையமாக வைத்த வீடியோ கேம்களில் வேலைகள் இரண்டு வகைப்படும். கதையை நகர்த்தும் முக்கியப் பணிகள் ஒரு வகை. வழியில் சந்திக்கும் மனிதர்கள் தரும் கிளைப் பணிகள் மற்றொரு வகை. ஆடுபவர்கள் இவற்றை சைடு குவெஸ்ட் என்பார்கள். முக்கியப் பணி எப்போதும் காத்திருக்கும், அது இல்லாமல் கேம் முன்னே போகாது. கிளைப் பணி காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்பிட்ட சம்பவம் நடந்த பிறகு அதைத் தொடங்கவோ முடிக்கவோ முடியாமல் போனால், அது தவறிப்போகக்கூடிய குவெஸ்ட். அந்தச் சம்பவம் ஒரே அடியில் பல பணிகளை மூடிவிட்டால் அதற்குப் பெயர் பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன், அதாவது திரும்ப முடியாத கட்டம்.

இப்படி மூடுவது ஆடுபவரைத் தண்டிக்க அல்ல. ஒரு நகரம் எரிந்துவிட்டது என்று கதை சொன்னால், அந்த நகரத்து வியாபாரி தொலைத்த பெட்டியைத் தேடும் வேலை அதன்பின் பொருந்தாது. பொருந்தவைக்க வேண்டுமென்றால் வியாபாரி உயிரோடு இருந்தால் ஒரு வசனம், இறந்திருந்தால் இன்னொன்று, பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் மூன்றாவது என்று எழுதி, குரல் பதிவும் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான பணிகள் உள்ள கேமில் இந்தக் கிளைகள் கட்டுக்கடங்காமல் பெருகும். அதனால் பெரிய திருப்பம் வரும் இடத்தில், பொருந்தாதவற்றை மொத்தமாக மூடிவிடுவதே தயாரிப்பாளர்களுக்குக் கைகொடுக்கிறது.

மூடும் விதத்தில் சில வேறுபாடுகள் உண்டு. மிகச் சாதாரணமானது கதைக் கதவு: ஒரு முக்கியப் பணியைத் தொடங்கியதும் சில பணிகள் முடிந்துபோகும். பெரும்பாலான புதிய கேம்கள் இதை முன்கூட்டியே எச்சரிக்கின்றன. 2020இல் வந்த சைபர்பங்க் 2077இல், எம்பர்ஸ் என்ற உணவகத்தில் ஹனாக்கோவைச் சந்திக்கப் போகும்போது, இதற்குமேல் திரும்ப முடியாது என்று திரையே சொல்கிறது. கதை முடிந்த பிறகும் ஆடுபவரை அந்தச் சந்திப்புக்கு முந்தைய நிலையிலேயே கொண்டுவந்து விடுகிறது. இதில் பயப்பட எதுவும் இல்லை.

கடிகாரம் வேறு ரகம். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 இதற்குச் சரியான உதாரணம். கதையின் பிற்பகுதியில் ரீப்பர் ஐஎஃப்எஃப் என்ற கருவியைக் கொண்டுவரும் பணி வருகிறது. அது முடிந்து ஓரிரு பணிகளுக்குள் எதிரிகள் கப்பலின் ஊழியர்களைக் கடத்திச் செல்கிறார்கள். உடனே மீட்கப் புறப்பட்டால் எல்லோரும் பிழைப்பார்கள். இடையில் ஒன்று முதல் மூன்று பணிகள் வரை செய்துவிட்டுப் போனால் பாதிப் பேர் இறந்திருப்பார்கள். அதற்கும் மேல் தாமதித்தால் மருத்துவர் சாக்வாஸ் மட்டுமே மிஞ்சுவார். ஓடும் நேரம் இங்கே கணக்கில் இல்லை, செய்து முடித்த பணிகளின் எண்ணிக்கைதான் கணக்கு. கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் யாரும் இறக்க மாட்டார்கள்.

2011இல் வந்த டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் இதற்கு நேர்மாறு. பணயக்கைதிகளைக் காப்பாற்ற உடனே ஹெலிகாப்டருக்கு வரும்படி ஆரம்பத்திலேயே ஆடம் ஜென்சனை அவன் முதலாளி கூப்பிடுகிறார். பழக்கதோஷத்தில் அலுவலகத்தின் ஒவ்வொரு அறையையும் துழாவிக்கொண்டிருந்தால், ஜென்சன் போய்ச் சேரும் முன்பே கைதிகள் இறந்துவிடுகிறார்கள். ‘சீக்கிரம் வா’ என்று கேம்கள் சொல்வதை யாரும் நம்புவதில்லை என்பதை வைத்தே செய்த குறும்பு இது.

உண்மையிலேயே குறைசொல்ல வேண்டியது மறைமுக நிபந்தனையைத்தான். 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஃபைனல் ஃபேண்டஸி 12இல் சோடியாக் ஸ்பியர் என்ற வலிமைமிக்க ஈட்டி உண்டு. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் புதையல் பெட்டிகளில் நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட்டால்தான், பிற்பகுதியில் ஒரு பாழிடத்தில் அந்த ஈட்டி உறுதியாகக் கிடைக்கும். நான்கில் ஒன்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வழியில் நிற்கிறது. அதைத் தொடாதே என்று கேமுக்குள் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பெட்டியைக் கண்டால் திற என்று பழக்கிய கேமே, திறந்ததற்காகத் தண்டித்தது. 2017இல் வந்த மறுபதிப்பில் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கதை கேம் ஆடுபவர்களிடம் இன்றும் இருக்கும் அச்சத்துக்கு இதுபோன்ற பழைய கேம்களே பெரும்பங்கு காரணம். நல்லவேளையாக, அச்சம் நீடித்த அளவுக்கு அந்த வழக்கம் நீடிக்கவில்லை.

இவை எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட் நல்ல களம். இதை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம், கதையின் சில திருப்பங்கள் வெளிப்படும்.

கதாநாயகன் கெரால்ட், சிரி என்ற வளர்ப்பு மகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். அவள் ஒளிந்திருக்கும் மூடுபனித் தீவுக்குப் புறப்படும் ‘தி ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ்’ என்ற பணிதான் இந்தக் கேமின் பெரிய கதவு. அதைத் தொடங்கினால் பல பணிகள் தோல்வியாகிவிடும் என்று திரையிலேயே எச்சரிக்கை வருகிறது. ஆனால் எந்தப் பணிகள் என்று பட்டியல் வருவதில்லை. ஆடுபவர் தடுமாறுவது இங்கேதான்.

மூடப்படுபவற்றில் மிகப் பெரியது, ரெடானிய மன்னன் ராடோவிட்டைக் கொல்லும் சதி. இது ஒரே பணியாக இல்லை, சங்கிலியாக வருகிறது. முதல் கண்ணி ‘எ டெட்லி பிளாட்’. நோவிகிராட் நகரில் குளியல் கூடம் நடத்தும் முன்னாள் உளவுத் தலைவன் டைக்ஸ்ட்ரா, காணாமல்போன தாலர் என்பவனைக் கண்டுபிடிக்கச் சொல்கிறான். இரண்டாவது ‘ரெடானியாஸ் மோஸ்ட் வான்டட்’. மன்னனே கெரால்டை அழைத்து, தான் குருடாக்கிய சூனியக்காரி பிலிப்பாவின் மறைவிடத்தைத் தேடச் சொல்கிறான். மூன்றாவது ‘ரீசன் ஆஃப் ஸ்டேட்’. மன்னன் கொல்லப்படுவது இதில்தான்.

சிக்கல் இந்தச் சங்கிலி கிடக்கும் இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டு கண்ணிகளும் தீவுக்குப் போகுமுன் முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது கண்ணி தீவுக்குப் பிறகு, கதை வெகுதூரம் நகர்ந்தபின்தான் திறக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. முதல் பணியை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டவருக்கு, அதைத் தவறவிட்டோம் என்பதே கதை முடியும்போதுதான் தெரிகிறது. போரில் ராடோவிட் வென்றான் என்று முடிவுரை சொல்லும்.

சங்கிலியின் நடுவில் இன்னொரு சிறு பொறியும் உண்டு. தீவுக்குப் பிறகு வரும் ‘பிளைண்டிங்லி ஆப்வியஸ்’ என்ற முக்கியப் பணியில் டைக்ஸ்ட்ரா கெரால்டை மறித்து நிற்கிறான். அவனைப் பலமாகத் தள்ளிவிடும் வசனத்தைத் தேர்ந்தால் கெரால்ட் அவன் காலை முறித்துவிடுகிறான். கால் முறிந்தவன் சதிக்கு வரமாட்டான், மூன்றாவது கண்ணி திறக்காமலே போகும். ‘தள்ளு’ என்று படித்தவர் தோளால் இடிப்பதைத்தான் எதிர்பார்த்திருப்பார். மூடுபனித் தீவின் எச்சரிக்கை நேர்மையானது. இந்த வசனத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதே தீவுக் கதவு வேறு சிலவற்றையும் மூடுகிறது. வெலன் பகுதியில் வாழும் கெய்ரா மெட்ஸ் என்ற சூனியக்காரியின் பணிகளை முடித்து, அவளைக் கெர் மோர்ஹென் கோட்டைக்குப் போகச் சொல்லிச் சம்மதிக்கவைத்தால், பின்னால் வரும் பெரும்போரில் கெரால்டின் தோழன் லாம்பர்ட்டை அவள் காப்பாற்றுகிறாள். ஸ்கெலிகே தீவுகளில் செரிஸ், யால்மார் என்ற உடன்பிறந்தவர்களுக்கான பணிகளைச் செய்தால் அவர்களில் ஒருவர் அரியணை ஏறலாம். செய்யாமல் போனால் ஸ்வான்ரிகே என்பவன் அரசனாகிறான்.

இந்த உதாரணங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். பணி தவறினால் கதையில் ஓட்டை விழுவதில்லை. ராடோவிட் வெல்கிறான், ஸ்வான்ரிகே ஆள்கிறான். ஆடுபவர் தலையிடாவிட்டால் அந்த உலகம் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு முடிவுதான். பெரும்பாலும் கொஞ்சம் இருண்ட முடிவு.

அச்சம் பிடித்தவர்கள் வழக்கமாகச் செய்வது வேறொன்று. வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு கேள்விக்குறியையும் முதலில் காலி செய்கிறார்கள். ஸ்கெலிகே கடலில் மிதக்கும் கடத்தல் பெட்டிகளுக்காக மணிக்கணக்கில் படகு ஓட்டி அலுத்து, கேமையே மூடி வைத்தவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கேள்விக்குறிகள் எங்கும் போவதில்லை. கதை முடிந்த பிறகும் கேம் கெரால்டை உலகத்தில் உலவ விடுகிறது. கடத்தல் பெட்டிகள், புதையல் தேடல்கள், அறிவிப்புப் பலகையில் இருந்து எடுக்கும் அரக்க வேட்டைகளில் பெரும்பாலானவை, பின்னர் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைன் என்ற இரு விரிவாக்கங்கள் ஆகியவை அப்போதும் கிடைக்கும். அப்போது கிடைக்காதவர்கள் மனிதர்கள். சிரி, கெய்ரா, டைக்ஸ்ட்ரா போலக் கதையில் பெயரும் முகமும் உள்ளவர்கள் கதையோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். பெரும்பாலான கதை கேம்களுக்கு அது பொருந்துகிறது. இடத்தோடும் பொருளோடும் கட்டப்பட்ட வேலை தவறுவது அரிது, ஆளோடு கட்டப்பட்ட வேலை தவறும். முக்கியக் கதையில் வந்துபோகும் ஒருவர் தனியாக உதவி கேட்டால் அந்தப் பணியைத் தள்ளிப்போடக் கூடாது. பெயர் தெரியாத குடியானவன் தொலைத்த வாணலியை எப்போது வேண்டுமானாலும் தேடலாம்.

கதவு நெருங்குவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ‘எல்லாம் தயாரா? புறப்படலாமா?’ என்று ஒரு துணைப்பாத்திரம் கேட்டு, ‘இன்னும் இல்லை’ என்ற பதிலும் திரையில் இருந்தால், அது கதவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவரை தனித்தனியாக இருந்த பாத்திரங்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது இன்னொரு அடையாளம். விட்சர் 3இல் போருக்கு ஆள் திரட்டும் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பணி மூடுபனித் தீவுக்குச் சற்று முன்பாகவே வருகிறது. புதிய நிலப்பகுதிக்குக் கப்பலோ வாயிலோ வழியாகப் போவதும் கவனிக்க வேண்டியது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல், முதல் பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் எச்சரிக்கை வருவதும் அதனால்தான்.

அவசரத்தைக் கணிப்பதுதான் கடினம். விட்சர் 3இல் சிரிக்கு ஆபத்து என்று எல்லோரும் பதறுகிறார்கள், ஆனால் கெரால்ட் மாதக்கணக்கில் சீட்டாடிக்கொண்டிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. பால்டர்ஸ் கேட் 3இல் தீப்பிடித்த விடுதி ஒன்றை நெருங்கிப் பார்த்துவிட்டு, முகாமுக்குப் போய் இரவு ஓய்வெடுத்தால், உள்ளே சிக்கியவர்கள் மடிந்துவிடுகிறார்கள். பேச்சில் இருக்கும் பதற்றத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கண்ணெதிரே தீயோ கத்தியோ தெரிந்தால் உடனே செயல்படுவது, தொலைவில் இருக்கும் ஆபத்தைப் பற்றி வெறும் பேச்சாக இருந்தால் நிதானமாகப் போவது என்ற கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். நாள்கணக்கு உள்ள கேம்களில் தூங்கும் முன் சேவ் செய்துவிட்டால் கணக்குத் தப்பினாலும் கவலையில்லை.

சேவ் செய்வதில்தான் உண்மையான பாதுகாப்பு இருக்கிறது, பலர் கோட்டை விடுவதும் அங்கேதான். ஆட்டோசேவை மட்டும் நம்பக் கூடாது. சில இடங்களே இருப்பதால் புதியது பழையதை அழித்துக்கொண்டே போகும். கதவைத் தாண்டிய சிறிது நேரத்தில் எல்லா ஆட்டோசேவும் கதவுக்கு அந்தப் பக்கத்தவையாக ஆகிவிடும். குயிக்சேவும் அப்படித்தான். அதனால் கையால் செய்யும் சேவ் இரண்டு வகையாக இருப்பது நல்லது: அன்றாடம் மேலெழுதிக்கொள்ள ஒன்று, ஒவ்வொரு கதவுக்கும் முன்பு தனியாக ஒன்று. இரண்டாம் வகையைக் கேம் முடியும்வரை அழிக்கக் கூடாது. நீண்ட கேமில்கூட அப்படி ஐந்தாறு சேவ்களுக்குமேல் தேவைப்படாது.

அந்தச் சேவை எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். கதவின் வாசலில் நின்று, அதாவது திரும்பிப்போக முடியாத குகைக்குள் நுழைந்தபின் செய்த சேவ் எதற்கும் உதவாது. சேவ் செய்யுமுன் வரைபடத்தைத் திறந்து வேறு ஊருக்குத் தாவ முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அது பயனுள்ள சேவ். அதே நேரத்தில் பணிப்பட்டியலையும் திறந்து, ஆள் பெயரோடு நிலுவையில் இருப்பவை எவை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், மூடப்படப்போவது என்ன என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

சில கேம்களில் கையால் சேவ் செய்யவே வழியில்லை. 2022இல் வந்த எல்டன் ரிங் தானாகவே சேவ் செய்துகொள்கிறது, பழைய நிலைக்குத் திரும்ப விடுவதில்லை. அதில் துணைப்பாத்திரங்களின் கதைகள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துபோகின்றன. மலிகெத் என்ற எதிரியை வீழ்த்தியதும் தலைநகரமே சாம்பலாகிவிடுகிறது. கணினியில் ஆடுபவர்கள் சேவ் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் கேம் மூடியிருக்கும்போது வேறிடத்தில் நகலெடுத்து வைக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டாம் ஆட்டம்தான் வழி. அந்தக் கேம் எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் பார்க்கவென்று செய்யப்பட்டதும் அல்ல.

வழிகாட்டிகளைப் புரட்டுவது இன்றைக்குப் பலருக்கும் முதல் பழக்கம். அடியெடுத்து அடிவைக்கச் சொல்லும் முழு வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால் எதுவும் தவறாது, ஆனால் எந்தத் திருப்பமும் திருப்பமாகவும் இராது. தேவைப்படுவது இரண்டே தகவல்கள்: பெரிய கதவாக இருக்கும் முக்கியப் பணியின் பெயர், அதற்கு முன் முடிக்க வேண்டிய பணிகளின் பெயர்கள். விளக்கங்களைப் படிக்காமல் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் கதை கெடாது. விட்சர் 3ஐப் பொறுத்தவரை மேலே சொன்ன நாலைந்து பெயர்களே அந்தத் தாளில் முக்கால்வாசி.

விதிவிலக்காக, முன்கூட்டியே பார்த்தே ஆக வேண்டிய கேம்களும் உண்டு. பெர்சோனா 5 ராயல், 2019இல் ஜப்பானிலும் 2020இல் மற்ற நாடுகளிலும் வந்தது. முந்தைய பதிப்பில் இல்லாத ஒரு முழுப் பருவம் இதில் கடைசியில் சேர்க்கப்பட்டது. அது திறக்க வேண்டுமென்றால், பள்ளி ஆலோசகர் மருக்கியுடனான நட்பு நவம்பர் 18ஆம் தேதிக்குள் ஒன்பதாம் படியை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கேம் பழைய முடிவோடு நின்றுவிடும். இதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம் என்பதே பலருக்குத் தெரியாமல் போனது. நாட்காட்டியை வைத்து நடக்கும் கேமில் பல மாதத்துக்கு முந்தைய சேவுக்குத் திரும்புவது நடைமுறையில் மறுபடி ஆடுவதற்குச் சமம். அதனால் சேவ் இங்கே அவ்வளவாகக் காப்பாற்றாது, தேதியை முன்பே தெரிந்துகொள்வதுதான் காப்பாற்றும். ஆடுபவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டிய ஒரே ரகசியமும் அதுதான். அகேச்சி, கசுமி ஆகியோருக்கும் இதுபோன்ற கெடு உண்டு. மூன்று பெயர்களையும் மூன்று தேதிகளையும் குறித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம்.

ஒரு பணி தவறியது தெரிந்த பிறகு உடனே பழைய சேவுக்குப் பாய வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்று முதலில் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் திரும்புவது லாபம். பத்துப் பதினைந்து மணி நேரம் என்றால், தவறியது சிறு பணியா, ராடோவிட் கதைபோல முடிவையே மாற்றும் பணியா என்று பார்க்க வேண்டும். சிறு பணிக்காகத் திரும்புபவர்கள், பார்த்த காட்சிகளை அவசரமாகத் தாவிக் கடந்து, சலித்துப்போய் பாதியில் விட்டுவிடுவதே அதிகம். முடிவை மாற்றும் பணியாக இருந்தாலும், முதலில் இருக்கும் முடிவைப் பார்த்துவிட்டு, கதவுக்கு முன் செய்த சேவிலிருந்து மற்றதைப் பிறகு ஆடுவது மேல். விட்சர் 3 ஆடுபவர், கேள்விக்குறிகளை எல்லாம் விட்டுவைத்து, டைக்ஸ்ட்ராவையும் கெய்ராவையும் ஸ்கெலிகே உடன்பிறந்தவர்களையும் முடித்து, ஒரு தனி சேவ் செய்துவிட்டுத் தீவுக்குப் படகேறினால் போதும்.